‘உங்கள் பங்குகள் விற்கப்பட்டுவிட்டன!’ - அந்த மெசேஜ் வந்தால் என்ன செய்வீர்கள்?

‘உங்கள் கணக்கிலிருந்து ரூ.1,84,500 மதிப்புள்ள பங்குகள் விற்கப்பட்டுவிட்டன. இதை நீங்கள் செய்யவில்லை என்றால், 30 நிமிடங்களுக்குள் கீழே உள்ள லிங்க்கை அழுத்தி ரத்து செய்யவும்.’

மதியம் சாப்பிட்டுவிட்டுக் கண் அசரும் நேரத்தில் இப்படி ஒரு மெசேஜ் வந்தால் கை எங்கே போகும்? நேராக லிங்க்குக்குத்தான். லாட்டரியில் கோடி விழுந்தது என்று மெசேஜ் வந்தால் சிரித்துவிட்டு அழித்துவிடுகிற ஆட்கள்கூட இதில் தடுமாறுவதைப் பார்த்திருக்கிறேன். இங்கே யாரும் ஆசை காட்டவில்லை. உங்கள் சொத்தை யாரோ திருடுகிறார்கள், ஓடிவந்து காப்பாற்றுங்கள் என்கிறார்கள். கணக்கு வழக்கில் கவனமாக இருப்பவர்கள்தான் முதலில் ஓடுகிறார்கள்.

சேலத்தில் ஒரு பங்குத் தரகு நிறுவனத்தின் கிளையில் வேலை பார்க்கிறேன். டீமேட் கணக்கு தொடங்குவது, விண்ணப்பத்தில் கையெழுத்து வாங்குவது, ஸ்டேட்மென்ட் எடுத்துக் கொடுப்பது இதெல்லாம்தான் என் வேலை. சில வருடங்களாக இன்னொரு வேலையும் சேர்ந்துகொண்டது. வாடிக்கையாளர்கள் மொபைலை மேஜைமேல் வைத்து, “இது நிஜமா, பொய்யா பாருங்க” என்று கேட்கிறார்கள். வருகிற மெசேஜ்கள் பெரும்பாலும் இரண்டு ரகம். ஒன்று, மேலே சொன்னதைப் போல வர்த்தகத் தகவல் வேஷத்தில் வருவது. இன்னொன்று, பங்குச்சந்தையோ செபியோ எச்சரிப்பதைப் போல வருவது. இரண்டிலுமே அடிப்படையில் ஒரு பொய் இருக்கிறது. அந்தப் பொய் எது என்று தெரிந்துவிட்டால், எழுத்துப்பிழை இருக்கிறதா, லோகோ சரியாக இருக்கிறதா என்றெல்லாம் பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்க வேண்டியதே இல்லை.

முதல் ரகத்தின் பொய், ‘ரத்து’ என்கிற வார்த்தையில் இருக்கிறது.

நாம் ஆப்பில் விற்கச் சொல்லிப் பதிவு செய்வது ஆர்டர். அது சந்தையில் காத்திருக்கும் வரை நாமே ரத்து செய்யலாம். எதிர்ப்பக்கம் வாங்குபவர் ஒருவர் வந்து விலை படிந்துவிட்டால் அது வர்த்தகம். சந்தையில் மாட்டை விற்றுக் கயிற்றை மாற்றிக் கொடுத்த பிறகு, ‘வேண்டாம், திருப்பிக் கொடு’ என்று சொல்ல முடியாது அல்லவா? அதே கதைதான். முடிந்துபோன வர்த்தகத்தை முதலீட்டாளர் ரத்து செய்ய எந்தப் பொத்தானும் கிடையாது, எந்த லிங்க்கும் கிடையாது. அபூர்வமாகப் பெரிய தவறு நடந்தால், தரகு நிறுவனம்தான் பங்குச்சந்தையிடம் முறையிட வேண்டும். அதற்கும் தனி நடைமுறை, தனிக் கட்டணம். ஆகவே, ‘விற்பனை முடிந்துவிட்டது, ரத்து செய்ய இங்கே அழுத்தவும்’ என்கிற வாசகமே நடக்காத ஒன்று. இதை யார் அனுப்பியிருந்தாலும் பொய்தான்.

இதெல்லாம் எனக்குத் தொழிலில் பழகிய விஷயம். எங்கள் கிளையின் வாடிக்கையாளரான ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவருக்கு எப்படித் தெரியும்? அவரை நாங்கள் எல்லோரும் டீச்சர் என்றுதான் கூப்பிடுவோம். பி.எஃப் பணத்தில் ஒரு பகுதியை நல்ல கம்பெனிப் பங்குகளாக வாங்கி, வருடக்கணக்கில் தொடாமல் வைத்திருப்பவர். பங்குகளின் மதிப்பு ஏறக்குறைய 9 லட்சம். அதுதவிர, அடுத்து எதையாவது வாங்கலாம் என்று தரகுக் கணக்கில் 62,000 ரூபாய் ரொக்கம் போட்டு வைத்திருந்தார்.

அவருக்கு அந்த மெசேஜ் ஒரு புதன்கிழமை மதியம் 2.40-க்கு வந்தது. எஸ்எம்எஸ் இல்லை, வாட்ஸ்அப். அனுப்பியவரின் படத்துக்குப் பதிலாகப் பங்குச்சந்தையின் லோகோ. எந்தப் பங்கு விற்கப்பட்டது என்று மெசேஜில் இல்லை. அனுப்பியவனுக்கு அது தெரியாது, அதனால்தான் இல்லை. தொகை மட்டும் இருந்தது. ஆனால் அவர் மனது அந்தக் காலியிடத்தைத் தானே நிரப்பிக்கொண்டது. “என்கிட்ட இருக்கிற பேங்க் ஷேரைத்தான் வித்துட்டான்னு நினைச்சேன் தம்பி. கணக்குப் போட்டா கிட்டத்தட்ட அந்தத் தொகைதான் வந்துச்சு” என்றார் பிறகு.

லிங்க்கை அழுத்தினார். எங்கள் நிறுவனத்தின் லாகின் பக்கத்தைப் போலவே அச்சு அசலாக ஒரு பக்கம் திறந்தது. வாடிக்கையாளர் எண்ணையும் பாஸ்வேர்டையும் போட்டார். அந்தப் பக்கத்துக்குப் பின்னால் இருந்தவன் அதே எண்ணையும் பாஸ்வேர்டையும் உண்மையான ஆப்பில் போட்டிருக்கிறான். உண்மையான நிறுவனத்திலிருந்து உண்மையான ஓடிபி டீச்சரின் மொபைலுக்கு வந்தது. அதையும் அந்தப் போலிப் பக்கத்தில் போட்டார். ‘உங்கள் ரத்துக் கோரிக்கை ஏற்கப்பட்டது. 24 மணி நேரத்தில் பங்குகள் திரும்பக் கணக்கில் சேரும். அதுவரை லாகின் செய்ய வேண்டாம்’ என்று பதில் வந்தது. மணி 2.44.

அந்தக் கடைசி வரியைக் கவனியுங்கள். அதுவரை லாகின் செய்ய வேண்டாமாம். திருடனுக்கு வேண்டிய நேரத்தை டீச்சர் கையாலேயே வாங்கிவிட்டான்.

இந்த இடத்தில் பலரும் என்னிடம் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. “உள்ளே நுழைந்தால்தான் என்ன? பணத்தை எடுத்தாலும் என் பேங்க் கணக்குக்குத்தானே போகும்?” உண்மைதான். தரகுக் கணக்கில் இருக்கும் பணம், பதிவு செய்த உங்கள் வங்கிக் கணக்குக்கு மட்டும்தான் போகும். திருடன் தன் கணக்குக்கு மாற்றிக்கொள்ள முடியாது. இந்தப் பாதுகாப்பை நம்பித்தான் பலர் அசட்டையாக இருக்கிறார்கள். ஆனால் பணத்தை எடுக்காமலேயே திருடலாம். உங்களை நஷ்டப்பட வைத்து, அந்த நஷ்டத்தைத் தன் லாபமாக்கிக்கொள்வதுதான் வழி.

டீச்சரின் கணக்கில் அப்படித்தான் நடந்தது. யாரும் அதிகம் சீண்டாத ஒரு பங்கின் ஆப்ஷன் ஒப்பந்தம். அதன் விலை அன்றைக்கு 4 ரூபாய் வாக்கில். ஒரு லாட் 600. திருடன் தன் கட்டுப்பாட்டில் இருந்த இன்னொரு கணக்கிலிருந்து 3 லாட்டை, அதாவது 1,800 ஒப்பந்தங்களை, 28 ரூபாய்க்கு விற்கப் போட்டான். புத்தியுள்ளவர் யாரும் அந்த விலைக்கு வாங்க மாட்டார்கள். டீச்சர் கணக்கிலிருந்து வாங்கினான். 50,400 ரூபாய் போனது. மறுநிமிடம் அதே 1,800 ஒப்பந்தங்களை டீச்சர் கணக்கிலிருந்து 4 ரூபாய்க்கு விற்று, தன் கணக்கில் வாங்கிக்கொண்டான். 7,200 ரூபாய் திரும்பி வந்தது. நிகர நஷ்டம் 43,200. எதிர்ப்பக்கத்துக் கணக்கில் அதே 43,200 லாபம். பார்க்கிறவர்களுக்கு, ஆப்ஷனில் விளையாடிக் கை சுட்டுக்கொண்ட இன்னொருவரின் கணக்கைப் போலத்தான் தெரியும். ஐந்தே நிமிடங்களில் முடிந்துவிட்டது.

எதிர்ப்பக்கத்துக் கணக்கு யாருடையது என்று பங்குச்சந்தையின் பதிவேட்டில் இருக்குமே என்பீர்கள். இருக்கும். ஆனால் அது பெரும்பாலும், சில ஆயிரம் ரூபாய்க்குத் தன் ஆதாரையும் பான் கார்டையும் யாருக்கோ கொடுத்த ஓர் அப்பாவியின் பெயரில் இருக்கும்.

இது நம் ஊருக்கு மட்டும் வந்த வியாதி இல்லை. 2025-ன் தொடக்க மாதங்களில் ஜப்பானில் இது கொள்ளைநோய் மாதிரி பரவியது. தரகு நிறுவனங்களின் பெயரில் போலி மின்னஞ்சல் அனுப்பி, கணக்குகளைக் கைப்பற்றி, அதில் இருந்த நல்ல பங்குகளை விற்று, தாங்கள் முன்பே வாங்கி வைத்திருந்த சின்னஞ்சிறு கம்பெனிகளின் பங்குகளை அந்தப் பணத்தில் வாங்கி விலையை ஏற்றினார்கள். ஏறிய விலையில் தங்களுடையதை விற்றுவிட்டுப் போனார்கள். இப்படி ஆயிரக்கணக்கான வர்த்தகங்கள் நடந்தன. அங்கேயும் ஒரு யென்கூட வேறு வங்கிக் கணக்குக்கு மாற்றப்பட வேண்டிய அவசியம் இருக்கவில்லை.

டீச்சர் கதைக்கு வருகிறேன். ஆப்ஷனை முடித்த கையோடு அவன் பங்குகள் பக்கம் திரும்பியிருக்கிறான். அங்கே ஒரு பூட்டு இருந்தது. டீமேட் கணக்கிலிருந்து பங்கை எடுத்து விற்க, சிடிஎஸ்எல் அமைப்பு டிபின் என்கிற ரகசிய எண்ணையும், அதற்குமேல் ஓர் ஓடிபியையும் கேட்கும். இரண்டும் நம் மொபைலுக்குத்தான் வரும், தரகு நிறுவனத்திடம் இருக்காது. அவன் புது டிபின் கேட்டுப் பதிவு செய்ய, அது 2.58-க்கு டீச்சர் மொபைலுக்கு எஸ்எம்எஸ்ஸாக வந்திருக்கிறது. அதை வாங்குவதற்காகப் பத்து நிமிடத்தில் மூன்று முறை போன் செய்திருக்கிறான். டீச்சர் அப்போது பேத்தியை அழைத்துவரப் பள்ளிக்கூட வாசலில் நின்றிருந்தார். மொபைல் கைப்பைக்குள். மூன்றும் மிஸ்டு கால். 3.30-க்குச் சந்தை மூடிவிட்டது. 9 லட்சம் தப்பியது.

அவர் மட்டும் டிடிபிஐ என்கிற அனுமதிப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டிருந்தால் இந்தப் பூட்டு இருந்திருக்காது. ஒவ்வொரு முறையும் டிபின் போடாமல் பங்கை விற்க, தரகு நிறுவனத்துக்கு நாம் தருகிற அனுமதி அது. கணக்கு தொடங்கும்போது பலரும் வசதியாக இருக்கும் என்று அதிலும் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். அது கட்டாயம் இல்லை. தினமும் விற்று வாங்குபவருக்கு அது வசதிதான், மறுக்கவில்லை. வருடத்துக்கு இரண்டு முறை விற்கிற டீச்சரைப் போன்றவர்களுக்கு டிபின் போடும் ஒரு நிமிடச் சிரமம் இருப்பதே நல்லது என்பது என் கட்சி. இதைச் சொல்வதால் எங்கள் அலுவலகத்தில் எனக்கு நல்ல பெயர் கிடையாது.

அன்றைக்கு இரவு டீச்சருக்கு இன்னொரு மெசேஜ் வந்தது. இதுதான் நிஜமான மெசேஜ்.

நீங்கள் வர்த்தகம் செய்த நாளில், என்எஸ்இ, பிஎஸ்இ போன்ற பங்குச்சந்தைகள் நாள் முடிவில் உங்கள் மொபைலுக்கும் மின்னஞ்சலுக்கும் நேரடியாகத் தகவல் அனுப்பும். தரகு நிறுவனம் நமக்குத் தெரியாமல் நம் கணக்கில் கைவைத்தால் நாமே கண்டுபிடிக்கட்டும் என்பதற்காக வந்த ஏற்பாடு இது. அதில் இருப்பது கொஞ்சம்தான். பாதி மறைக்கப்பட்ட பான் எண், தேதி, எந்தப் பிரிவில் வர்த்தகம், எவ்வளவு மதிப்பு. விவரங்களை மின்னஞ்சலில் பார்க்கவும், சந்தேகம் இருந்தால் உங்கள் தரகரைக் கேட்கவும் என்று முடித்துவிடுவார்கள். அவசரப்படுத்த மாட்டார்கள். பாஸ்வேர்ட் கேட்க மாட்டார்கள். நடந்ததைச் சொல்வதோடு அவர்கள் வேலை முடிந்தது.

டீச்சர் அதைப் பார்த்தார். பார்த்துவிட்டு, மதியம் நடந்த விற்பனையைப் பற்றித்தான் இதுவும் சொல்கிறது, அதைத்தான் ரத்து செய்துவிட்டோமே என்று மூடி வைத்துவிட்டார். கத்திக் கூப்பாடு போட்ட போலியை நம்பியவருக்கு, அமைதியாக வந்த நிஜம் பழைய செய்தியாகத் தெரிந்தது. எனக்கு இந்த இடம்தான் இன்றுவரை மனதை அறுக்கிறது.

அந்த நிஜ மெசேஜில் இரண்டே எழுத்துகளில் எல்லாமே இருந்தது. சாதாரணமாகப் பங்கு வாங்கி விற்றால் பிரிவு என்ற இடத்தில் `CM` என்று வரும். இதில் `FO` என்று இருந்தது. அது ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் பிரிவு. டீச்சர் வாழ்நாளில் ஆப்ஷன் பக்கம் போனவர் இல்லை. கணக்கு தொடங்கிய காலத்தில் எல்லாப் பிரிவுக்கும் டிக் அடித்துக் கொடுத்ததில் அதுவும் திறந்து கிடந்திருக்கிறது. பயன்படுத்தாத பிரிவை ஆப்பில் இருந்தபடியோ, எழுதிக் கொடுத்தோ மூடிவிடலாம். டீச்சர் கணக்கில் அது மூடியிருந்தால், 4 ரூபாய் சரக்கை 28 ரூபாய்க்கு வாங்கும் இந்த வித்தை அவ்வளவு சுலபமாக நடந்திருக்காது. அதேபோல, வாங்கும் எண்ணம் உடனடியாக இல்லாத பணம் தரகுக் கணக்கில் கிடப்பதில் ஒரு லாபமும் இல்லை. அதற்கு வட்டி கிடையாது. வங்கிக்குத் திருப்பிவிட்டால் தேவைப்படும்போது சில நொடிகளில் கொண்டுவந்துவிடலாம். திருடன் உள்ளே நுழைந்தாலும் கையில் எடுத்து விளையாட எதுவும் இருக்காது.

மறுநாள் காலை 8.30-க்கு டீச்சர் என்னைக் கூப்பிட்டார். “தம்பி, ஷேர் இன்னும் திரும்பி வரலையே... ஆனா போகவும் இல்லையே... அங்கேயேதான் இருக்கு. பணம்தான் குறையுது” என்றார். குரலில் குழப்பம்தான் இருந்தது, பதற்றம்கூட இல்லை. முதல் நாள் நடந்ததை வரிசையாகச் சொல்லச் சொல்ல எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

அந்த நேரத்தில் செய்ய வேண்டிய முதல் வேலை பாஸ்வேர்ட் மாற்றுவது என்று நினைப்போம். அதைவிட வேகமான வழி ஒன்று இருக்கிறது. பலருக்கும் தெரியாது. செபி உத்தரவுப்படி 2024 ஜூலை 1 முதல், கணக்கில் சந்தேகப்படும்படி எதுவும் நடந்தால் ஆன்லைன் வர்த்தகத்தை நாமே முடக்கச் சொல்லலாம். ஒவ்வொரு தரகு நிறுவனமும் இதற்கென்று `stoptrade@` என்று தொடங்கும் தனி மின்னஞ்சல் முகவரி வைத்திருக்க வேண்டும். பதிவு செய்த மின்னஞ்சலிலிருந்து அதற்கு எழுதினால் போதும். பதிவு செய்த எண்ணிலிருந்து எஸ்எம்எஸ் அனுப்பியும் முடக்கலாம். சந்தை நடக்கும் நேரத்தில் எழுதினால் 15 நிமிடங்களுக்குள் முடக்கியாக வேண்டும். இரவில் எழுதினால் அடுத்த நாள் சந்தை தொடங்கும் முன் முடக்க வேண்டும். காத்திருக்கும் ஆர்டர்கள் எல்லாம் ரத்தாகும். பங்குகள் எங்கும் போகாது, மீண்டும் அடையாளம் காட்டித் திறந்துகொள்ளலாம்.

டீச்சரிடம் போனிலேயே வாசகத்தைச் சொன்னேன். ‘என் கணக்கில் எனக்குத் தெரியாமல் வர்த்தகம் நடந்துள்ளது. உடனே ஆன்லைன் வர்த்தகத்தை முடக்கவும்’ என்று ஒரு வரி, வாடிக்கையாளர் எண். அவ்வளவுதான். 9.15-க்குச் சந்தை திறப்பதற்குள் கணக்கு முடங்கிவிட்டது. பிறகு 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணில் புகார், `cybercrime.gov.in` தளத்தில் பதிவு, எங்கள் நிறுவனத்துக்கு எழுத்துபூர்வமான புகார். வாட்ஸ்அப் செய்தியை அழிக்காமல் வைத்திருந்தது புகாருக்கு உதவியது. 43,200 ரூபாய் இதை எழுதும் வரை திரும்பவில்லை. ஓடிபியைக் கொடுத்தது நீங்கள்தானே என்கிற கேள்வி எல்லா மேஜையிலும் அவர் முன்னால் வந்து நிற்கிறது.

இனி இரண்டாவது ரகம். ‘பங்குச்சந்தை இறுதி எச்சரிக்கை: உங்கள் கணக்கில் சந்தேகத்துக்குரிய வர்த்தகம் கண்டறியப்பட்டுள்ளது. இன்று மாலைக்குள் கேஒய்சி சரிபார்க்காவிட்டால் கணக்கு முடக்கப்படும்’ என்பதைப் போல வரும். சிலவற்றில் செபியின் முத்திரையோடு பிடிஎஃப் கடிதமே இருக்கும். அபராதம் இவ்வளவு, இந்த யுபிஐ ஐடிக்குக் கட்டவும் என்றும் இருக்கும்.

இதன் பொய் எங்கே இருக்கிறது என்றால், பங்குச்சந்தைக்கும் உங்கள் லாகினுக்கும் சம்பந்தமே இல்லை. உங்கள் பாஸ்வேர்ட் தரகு நிறுவனத்தின் ஆப்புக்கு உரியது. பங்குகள் டெபாசிட்டரியில் இருக்கின்றன. பணம் தரகுக் கணக்கில் இருக்கிறது. பங்குச்சந்தையிடம் இருப்பது யார் எதை எவ்வளவுக்கு வாங்கினார், விற்றார் என்கிற பதிவுதான். ரயில்வே ஸ்டேஷன் மாஸ்டர் உங்கள் வீட்டுச் சாவியைக் கேட்டால் எப்படியோ, பங்குச்சந்தை உங்கள் லாகினைக் கேட்பதும் அப்படித்தான். அபராதமும் அதே கதை. மார்ஜின் குறைவுக்கு அபராதம் என்று ஒன்று உண்மையிலேயே உண்டு. ஆனால் பங்குச்சந்தை அதைத் தரகு நிறுவனத்திடம் வாங்கும். உங்கள் தலையில் விழ வேண்டியது என்றால் உங்கள் லெட்ஜரில் பற்றாக வரும். யாரும் உங்களிடம் யுபிஐ ஐடி கொடுத்துக் கட்டச் சொல்வதில்லை. செபியே தன் பெயரில் போலிக் கடிதங்கள் உலவுவதாக எச்சரித்திருக்கிறது. செபியின் மின்னஞ்சல்கள் `@sebi.gov.in` என்றுதான் முடியும்.

தரகு நிறுவனத்துக்கே பணம் அனுப்புவதாக இருந்தாலும் இப்போது ஓர் அடையாளம் வந்திருக்கிறது. 2025 அக்டோபர் முதல், செபியில் பதிவு பெற்ற தரகர்களின் யுபிஐ ஐடியில் `.brk@valid` என்ற எழுத்துகளும் அதை ஒட்டி வங்கியின் பெயரும் வரும். பணம் அனுப்பும் திரையில் பச்சை முக்கோணத்துக்குள் கட்டைவிரல் உயர்த்திய குறி தெரியும். செபி செக் என்கிற வசதியில் அந்த ஐடியைப் போட்டுச் சரிபார்க்கவும் செய்யலாம்.

லிங்க்கைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாதா என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். டீச்சருக்கு வந்த லிங்க்கில் என்எஸ்இயின் உண்மையான தளத்தின் பெயர் அப்படியே இருந்தது. ஏறக்குறைய இந்த அமைப்பில்:

```
nseindia.com.order-cancel.example/login
```

இணைய முகவரியை நம் தபால் முகவரியைப் போலப் படிக்க வேண்டும். கதவு எண், தெரு எல்லாம் முன்னால் வரும், ஊர் கடைசியில் வரும். முதல் சாய்கோட்டுக்கு இடதுபக்கம் கடைசியாக இருப்பதுதான் ஊர். இங்கே ஊர் `order-cancel.example`. முன்னால் இருக்கும் `nseindia.com` வெறும் தெருப் பெயர். யார் வேண்டுமானாலும் தன் தெருவுக்கு அப்படிப் பெயர் வைத்துக்கொள்ளலாம். ஆனால் மொபைல் திரையின் அகலத்துக்கு முகவரியின் முன்பாதிதான் தெரியும், ஊர் திரைக்கு வெளியே போய்விடும். அதனால் முகவரியைப் படித்துத் தப்பிக்கும் வழியை நான் பெரிதாக நம்புவதில்லை.

‘எந்த லிங்க்கையும் தொடாதீர்கள்’ என்கிற அறிவுரையிலும் எனக்கு நம்பிக்கை இல்லை. கேஒய்சி புதுப்பிக்க, ஸ்டேட்மென்ட் பார்க்க என்று நிஜமான நிறுவனங்களே நாளுக்கு நாலு லிங்க் அனுப்புகின்றன. தொடாதே என்று சொன்னால் மனுஷன் என்னதான் செய்வான்? நான் சொல்வது வேறு. மெசேஜ் எதுவாக இருந்தாலும் அதை மூடுங்கள். மொபைலில் ஏற்கெனவே இருக்கும் ஆப்பை அதன் ஐகானைத் தொட்டுத் திறங்கள். ஆர்டர் புக் என்று ஒரு பக்கம் இருக்கும். இன்றைக்கு உங்கள் கணக்கில் போன ஒவ்வொரு ஆர்டரும், நீங்கள் போட்டதானாலும் திருடன் போட்டதானாலும், அங்கே நேரத்தோடு இருக்கும். அங்கே இல்லை என்றால் மெசேஜ் பொய். அங்கே இருந்து, அது நீங்கள் போட்டதில்லை என்றால் உடனே `stoptrade@` முகவரிக்கு எழுதுங்கள். எந்த மெசேஜுக்கும் இந்த ஒரே வழிதான். அந்த முகவரியை இன்றைக்கே உங்கள் தரகு நிறுவனத்தின் தளத்தில் பார்த்து மொபைலில் சேமித்து வையுங்கள். பதற்றத்தில் தேடினால் அதிலும் போலி நிறுவனத்தின் எண்தான் முதலில் கண்ணில் படும்.

கைரேகை லாகின், ஆறு இலக்கம் மாறிக்கொண்டே இருக்கும் ஆத்தென்டிகேட்டர் எல்லாம் வைத்திருக்கிறேனே, போதாதா என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். வைத்திருப்பது நல்லதுதான். ஆனால் ஓடிபியைப் போலவே அந்த ஆறு இலக்கத்தையும் போலிப் பக்கத்தில் தட்டச்சு செய்ய முடியும் என்பதால், அதையும் உடனே எடுத்து உண்மையான ஆப்பில் போட்டுவிடலாம். நீங்கள் கையால் தட்டச்சு செய்து கொடுக்கக்கூடிய எதையும் அடுத்தவனும் தட்டச்சு செய்யலாம்.

கடைசியாக, குடும்பத்தோடு சம்பந்தப்பட்ட ஒரு விஷயம். எங்கள் கிளையில் பெரியவர்களின் கணக்குகளைத் திறந்து பார்த்தால், பதிவு செய்த மொபைல் எண் பெங்களூரில் இருக்கும் மகனுடையதாக இருக்கும். மின்னஞ்சல், மருமகள் கல்லூரிக் காலத்தில் தொடங்கி மறந்துபோன ஒன்றாக இருக்கும். பங்குச்சந்தை இரவில் அனுப்பும் அந்த நிஜ மெசேஜ் மகனுக்குப் போகும். அவர் அப்பா ஏதோ வாங்கியிருக்கிறார் என்று தள்ளிவிடுவார். அப்பாவுக்கோ அப்படி ஒரு மெசேஜ் வரும் என்றே தெரியாது. போலி மெசேஜ் மட்டும் சரியாக அப்பாவின் மொபைலுக்கே வந்துவிடும். கணக்கு யாருடையதோ அவர் கையில் இருக்கும் எண்தான் பதிவில் இருக்க வேண்டும். கணவன், மனைவி, பெற்றோர், பிள்ளைகள் என்று குடும்பத்துக்குள் ஒரே எண்ணைக் கொடுக்க அனுமதி உண்டு என்பதால்தான் இப்படி நடக்கிறது. மாற்றுவதற்கு ஆப்பில் சில நிமிடங்கள், அல்லது எங்களைப் போன்ற கிளையில் ஒரே ஒரு படிவம்.

டீச்சர் தன் எண்ணையே கொடுத்திருந்தார். இப்போது ஆப்ஷன் பிரிவை மூடிவிட்டார், தரகுக் கணக்கில் ரொக்கம் வைப்பதில்லை. பங்கு வாங்கும் நாளில் இரவு அந்த எஸ்எம்எஸ் வந்ததும், அன்றைக்குத் தான் வாங்கியதைக் குறித்துவைத்த டைரியை எடுத்து, பிரிவையும் தொகையையும் சரிபார்த்துவிட்டு ஒரு டிக் போடுகிறார். நாற்பது வருடம் விடைத்தாள் திருத்திய கை. போன வாரம் அந்த டைரியைக் கொண்டுவந்து காட்டினார். டிக் எல்லாம் சிவப்பு மையில் இருந்தது.